600 பர்ஸுக்கு 15 சதவீதம் கேட்கிறார்கள்: மறுப்பதா, கொடுப்பதா?

பேரணாம்பட்டு பர்ஸ் · 2 ஆகஸ்ட் 2025, மாலை 6.20

ஆண்களுக்கான தோல் பர்ஸ் செய்து வேலூர் லாங் பஜாரிலும் குடியாத்தத்திலும் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறேன். வரி நீங்கலாக ஒன்று 420 ரூபாய். பெங்களூரில் ஒரு நிறுவனம் தீபாவளிக்கு ஊழியர்களுக்குத் தர 600 பர்ஸ் கேட்கிறது. கருப்பு, பழுப்பு, டான் என்று மூன்று நிறம், அட்டைப் பெட்டி, மூன்று கிளைகளுக்குத் தனித்தனி பார்சல். அக்டோபர் 10க்குள் சரக்கு, அதற்குப் பிறகு 60 நாளில் பணம். கொள்முதல் அதிகாரி 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். 357 ரூபாய் வருகிறது. இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு இதுவரை வந்ததில்லை. கொடுத்துவிடலாமா?

குடியாத்தம் லுங்கி · 2 ஆகஸ்ட், மாலை 7.05

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? விலை 490 என்று சொல்லுங்கள், 15 சதவீதம் குறையுங்கள். 416 கிடைக்கும். அவருக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் நட்டமில்லை. நான் முப்பது வருடமாக இப்படித்தான் விற்கிறேன்.

ஆம்பூர் பெல்ட் · 2 ஆகஸ்ட், இரவு 10.15

லுங்கிக்காரர் சொல்வது முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் செல்லும். இவர்கள் ஏற்கெனவே 420ஐக் கேட்டுவிட்டுத்தான் 15 சதவீதம் பேசுகிறார்கள். இனி 490 என்று வாயைத் திறந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தங்கச்சி, கொடுக்கலாமா வேண்டாமா என்பதைப் பிறகு பார்ப்போம். ஒரு பர்ஸுக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது? தோல் எத்தனை அடி, அடி என்ன விலை, கூலி எவ்வளவு, பெட்டி எவ்வளவு? வாடகை, கரண்ட் கணக்கைத் தனியாக வையுங்கள். அதைப் போட்டால்தான் பேச முடியும். ஆம்பூரில் இருபத்திரண்டு வருடம் பெல்ட் செய்தேன். இந்தக் கணக்கைப் போடாமல் பேசிய ஆர்டர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பேரணாம்பட்டு பர்ஸ் · 3 ஆகஸ்ட், காலை 7.40

இரவே உட்கார்ந்து எழுதினேன் பாய். வெட்டுக் கழிவையும் சேர்த்து ஒன்றேகால் அடி தோல், 138 ரூபாய். லைனிங், நூல், ஜிப், பசை 32. வெட்டு, தோல் ஓரத்தை மெலிதாகச் சீவும் ஸ்கைவிங், ஒட்டு, தையல், ஓரம் மெருகு எல்லாமாகப் பீஸ் கூலி 95. பெட்டி 28. பார்சல் 7. மொத்தம் 300. கையில் நிற்பது 120.

வாடகை, கரண்ட், உதவியாள் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் அறுபதாயிரம். பட்டறை முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 40 பர்ஸ்.

ஆம்பூர் பெல்ட் · 3 ஆகஸ்ட், காலை 9.10

இப்போது பாருங்கள். 15 சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது. ரூபாயில் அது 63. அந்த 63 தோலிலிருந்தோ கூலியிலிருந்தோ குறையப் போவதில்லை, உங்கள் 120இலிருந்துதான் போகிறது. மிஞ்சுவது 57. விலையில் 15 போனால் லாபத்தில் பாதிக்கு மேல் போகிறது. 420க்கு 600 விற்றால் கிடைக்கும் அதே பணத்தை 357இல் பார்க்க 1,200 பர்ஸாவது செய்ய வேண்டும்.

ராணிப்பேட்டை கணக்கர் · 3 ஆகஸ்ட், காலை 11.30

1,263. 72,000ஐ 57ஆல் வகுத்துப் பாருங்கள்.

அதோடு 60 நாள் கடனை விட்டுவிட்டீர்கள். 600 பர்ஸுக்கு அவர் முன்கூட்டியே போடும் பணம் 1,80,000. மாதம் ஒன்றரை வட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு 5,400, பர்ஸுக்கு 9 ரூபாய். அப்படியானால் மிஞ்சுவது 57 இல்லை, 48. அந்தக் கணக்கில் 1,500 பர்ஸ் செய்ய வேண்டும்.

ஆம்பூர் பெல்ட் · 3 ஆகஸ்ட், காலை 11.45

கணக்கர் சொன்னது சரி. தோராயமாகச் சொல்லிப் பழகிய வாய்.

ஆற்காடு மக்கன் பேடா · 3 ஆகஸ்ட், பகல் 1.20

எனக்கும் இதே தொல்லைதான். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு 1,500 மக்கன் பேடா கேட்கிறார்கள், பாதி விலைக்கு. எப்படி மரியாதையாக முடியாது என்று சொல்வது?

ஆம்பூர் பெல்ட் · 3 ஆகஸ்ட், பகல் 2.00

அம்மா, முடியாது என்று சொல்வதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. என்ன மாற்றினால் முடியும் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. உங்களுக்கு முட்டுக்கட்டை வாணலி. ஒரே நாளில் 1,500 பொரித்துப் பாகில் ஊறவைக்க இரவில் ஆள் போட வேண்டும். பாதியை முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் மீதியை அன்று காலையும் தருகிறேன், பாத்திரத்தோடு வந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். இரவு ஆள் கூலியும் டப்பாச் செலவும் மிச்சம். மிச்சமானதில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பாதி விலை என்பது பேச்சே இல்லை.

ஆம்பூர் பெல்ட் · 3 ஆகஸ்ட், இரவு 9.50

பர்ஸுக்கு வருகிறேன். பதில் விலை சொல்லும்போது உங்கள் 120ஐத் தொடாதீர்கள், அந்த 300ஐக் குறைக்கப் பாருங்கள். வாடிக்கையாளர் எதை மாற்றிக்கொண்டால் உங்கள் செலவு உண்மையிலேயே குறையும்?

முதலில் நிறம். மூன்று நிறம் என்றால் மூன்று லாட் தோல். ஒவ்வொரு லாட்டிலும் சாயல் பார்த்துப் பொறுக்க வேண்டும், ஒவ்வொரு நிறத்திலும் துண்டு மிஞ்சும். டான் துண்டைக் கருப்பு பர்ஸில் வைக்க முடியாது. 600ம் கருப்பு என்றால் ஒரே லாட். வெளிப்புறத்தை முதுகுப் பகுதியில் வெட்டிவிட்டு, அட்டை வைக்கும் உள் அறைகளை வயிற்றுப் பகுதியிலும் துண்டுகளிலும் எடுத்துவிடலாம். மொத்தமாக வாங்குவதால் அடிக்கு நாலைந்து ரூபாய் குறையும். இரண்டும் சேர்த்துப் பர்ஸுக்குப் பத்து ரூபாய் நிச்சயம் நிற்கும். இதை வெட்டும் மாஸ்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் எட்டு என்றால் எட்டு.

அடுத்தது பெட்டி. 28 ரூபாய்ப் பெட்டி அன்று மாலையே குப்பைக்குப் போகும். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட துணிப்பை 11 ரூபாயில் முடியும். 17 மிச்சம்.

மூன்று கிளைக்குப் பதிலாக பெங்களூரில் ஒரே இடத்தில் இறக்கினால் பார்சலில் 2 ரூபாய்.

ஆக 29. செலவு 271 ஆகிறது. 392 என்று விலை சொல்லுங்கள். அவருக்கு 28 ரூபாய் குறைகிறது, உங்களுக்கு நிற்பது 121. பாதி முன்பணம், மீதி சரக்கு கிளம்பும் முன் என்றால் அந்த 9 ரூபாய் வட்டியும் கிடையாது. பர்ஸில் பெயர் பதிக்கும் அச்சுக்கு ஆகும் 2,500 ரூபாயைத் தனியாக அவர்களிடமே வாங்குங்கள். அதை விலைக்குள் போட்டுக் கரைக்காதீர்கள்.

இந்தச் செலவுப் பட்டியலை அப்படியே அவருக்கு அனுப்புங்கள். நேர்மையாகக் கணக்குக் காட்டினால் யாரும் அடித்துப் பேச மாட்டார்கள்.

குடியாத்தம் லுங்கி · 4 ஆகஸ்ட், காலை 8.15

கூலி 95 அதிகமில்லையா? பெரிய ஆர்டர் என்று சொல்லி 85க்குப் பேசலாமே. 6,000 ரூபாய் அங்கேயே கிடைக்கிறது.

ஆம்பூர் பெல்ட் · 4 ஆகஸ்ட், காலை 8.40

லுங்கிக்காரரே, எங்கள் பக்கம் கைத் தையல் பழகிய ஆளுக்கு ஷூ கம்பெனி வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. பத்து ரூபாய் குறைத்தால் பாதி ஆர்டரில் ஆள் போய்விடுவான். அவசரத்துக்குப் பிடித்த புது ஆள் தைத்த பர்ஸில் மடிப்பு பிரியும். நூறு பர்ஸ் திரும்பி வந்தால் அந்த 6,000 எங்கே போயிற்று என்று தேட வேண்டும். கூலியில் கை வைக்காதீர்கள்.

ஆம்பூர் பெல்ட் · 4 ஆகஸ்ட், மாலை 5.30

நேற்று எழுதியதில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். செலவுப் பட்டியலை அனுப்பாதீர்கள்.

ஒருமுறை கோயம்புத்தூர் வாங்குநர் ஒருவருக்குப் பெல்ட் கணக்கை வரி வரியாகக் காட்டினேன். நேர்மைக்கு மதிப்பு என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கிழிக்க ஆரம்பித்தார். பக்கிள் இவ்வளவா, எனக்குத் தெரிந்த இடத்தில் மூன்று ரூபாய் குறைவு. கூலி இவ்வளவா? கழிவு எட்டு சதவீதம் எதற்கு? கடைசியில் என் லாப வரியில் வந்து நின்றார். அந்த வரியை அவர் பார்த்த நொடியே நான் தோற்றுவிட்டேன்.

அவருக்குத் தெரிய வேண்டியது நிபந்தனையும் விலையும் மட்டும்தான். "ஒரே நிறம், துணிப்பை, ஒரே இடத்தில் இறக்குதல், பாதி முன்பணம்: 392. நீங்கள் முதலில் கேட்டபடியே எல்லாம்: 420." இந்த இரண்டு வரி போதும். எதை விட்டால் எவ்வளவு குறையும் என்று அவரே கேட்கட்டும்.

ராணிப்பேட்டை கணக்கர் · 4 ஆகஸ்ட், இரவு 8.00

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. காரணம் சொல்லாமல் நிபந்தனை போட்டால் வீம்பாகத் தெரியும். பெட்டி 28, பை 11 என்று அந்த ஒரு வரியையாவது காட்டலாம். அது கடையில் விசாரித்தால் யாருக்கும் தெரியும் விலைதான்.

ஆம்பூர் பெல்ட் · 4 ஆகஸ்ட், இரவு 8.20

வெளியில் வாங்கும் பொருளின் விலையைக் காட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். தோலும் கூலியும் மூடியே இருக்கட்டும்.

குடியாத்தம் லுங்கி · 5 ஆகஸ்ட், காலை 10.10

முன்பணத்துக்கு ஏன் கெஞ்ச வேண்டும்? சிறுதொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவைக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதே. 60 நாள் என்று கேட்பதே தவறு. சட்டத்தைச் சொல்லுங்கள், அதிகாரி பயந்துவிடுவார்.

ராணிப்பேட்டை கணக்கர் · 5 ஆகஸ்ட், பகல் 12.40

பாதி உண்மை. 43பி(எச்) பிரிவைச் சொல்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அது உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு. இவர் பர்ஸ் தயாரிப்பவர், பதிவு இருந்தால் பொருந்தும். வாங்கி விற்கும் லுங்கி வியாபாரிக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதை அவரே தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் பயமுறுத்தல் பலிக்காது. தாமதமானாலும் அதே நிதியாண்டுக்குள் பணம் கொடுத்துவிட்டால் அவர்கள் செலவு அந்த ஆண்டிலேயே ஏற்கப்படும். அக்டோபர் பில்லுக்கு டிசம்பரில் பணம் தந்தால் வருமான வரியில் அவர்களுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. பிப்ரவரி, மார்ச் பில்லுக்குத்தான் அந்தப் பிரிவு கடிக்கும். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி 45 நாளுக்கு மேல் வட்டி கேட்க உரிமை உண்டு. முதல் ஆர்டரிலேயே வட்டி நோட்டீஸ் அனுப்பும் ஆளை நான் பார்த்ததில்லை.

உத்யம் எண்ணைக் கொட்டேஷனிலும் பில்லிலும் அச்சிட்டு வையுங்கள். பேச்சில் இழுக்க வேண்டாம்.

பேரணாம்பட்டு பர்ஸ் · 6 ஆகஸ்ட், இரவு 9.00

இரண்டு வரியாக அனுப்பினேன். வெட்டும் மாஸ்டரும் பத்து ரூபாய் நிற்கும் என்றார். அதிகாரி போனில் கொஞ்சம் சிரித்தார். ஒரே நிறமும் துணிப்பையும் பரவாயில்லையாம். ஆனால் 375தான் கடைசி விலை என்கிறார். பெங்களூரிலேயே வேறொருவர் தரத் தயாராம். அடுத்த வருடம் 2,000 பர்ஸ் வாங்குவார்களாம். இறங்கலாமா பாய்? இப்போது ஆடியில் கடை ஆர்டர் குறைவு. ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் வேலை இல்லை.

ஆம்பூர் பெல்ட் · 6 ஆகஸ்ட், இரவு 10.40

அந்தக் கடைசி வரியை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நானும் கேட்டிருக்க வேண்டும். கணக்கில் பாதி அதில்தான் இருக்கிறது.

செப்டம்பர் பாதிக்கு மேல் தீபாவளி வேலை வந்து உங்கள் பட்டறை நாளுக்கு 40 ஓடும். அப்போது இந்த 600ஐச் செய்தால் 120 நிற்கும் கடைப் பர்ஸைத் தள்ளிவைத்துத்தான் செய்ய முடியும். அந்த நேரத்தில் 392க்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்கக் கூடாது. இப்போதோ நாளுக்கு 25 பர்ஸுக்கான ஆளும் இயந்திரமும் சும்மா நிற்கின்றன. 600ஐ இப்போது ஆரம்பித்தால் இருபத்து நான்கு வேலை நாளில் முடிந்துவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய இன்னொரு நிபந்தனை தேதி. அக்டோபர் 10 வேண்டாம், செப்டம்பர் 20ஆம் தேதி சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு மூலையில் இருபது நாள் வைத்திருக்க இடம் தேவை, அவ்வளவுதான். உங்களுக்கு அது பெரிய காரியம்.

சும்மா நிற்கும் நேரம்தானே, 300க்கும் கொடுக்கலாமே என்று மனம் சொல்லும். சொல்ல விடாதீர்கள். மாதம் 60,000 நிலைச் செலவு, முழுக்க ஓடினால் மாதம் சுமார் 1,000 பர்ஸ். பர்ஸுக்கு 60 ரூபாய் அங்கே போகிறது. உங்கள் உழைப்புக்கு 45 என்று வையுங்கள். 105 நிற்காத விலையில் கை போடாதீர்கள். செலவு 271, ஆக உங்கள் தரை 376. இதைத் தாளில் எழுதி இயந்திரத்துக்கு மேல் ஒட்டிவிட்டு அதன் பிறகு போனை எடுங்கள். போனில் பேசிக்கொண்டே தரையைக் கண்டுபிடித்தவன் அந்தத் தரைக்கு அடியில்தான் போய் நிற்பான். நான் நின்றிருக்கிறேன்.

அவர் கேட்கும் 375 உங்கள் தரைக்கு ஒரு ரூபாய் கீழே. தூரம் பெரிதில்லை. ஆனாலும் 392 என்ற எண்ணை இறக்க எனக்கு மனமில்லை. அடுத்த வருடம் பேச்சு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

குடியாத்தம் லுங்கி · 7 ஆகஸ்ட், காலை 7.30

விலையை இறக்க மனமில்லை என்றால் சரக்கைக் கூட்டுங்கள். நான் பத்து டஜன் எடுத்தால் நாலு லுங்கி சும்மா வைப்பேன். யாருக்குத்தான் சும்மா கிடைப்பது பிடிக்காது?

ஆம்பூர் பெல்ட் · 7 ஆகஸ்ட், காலை 8.00

இந்த முறை லுங்கிக்காரர் அடித்தது சிக்ஸர்.

600க்குப் பணம், 620 சரக்கு. கூடுதல் 20 பர்ஸ் அவர் கண்ணுக்கு 392 வீதம் 7,840 ரூபாய். உங்களுக்கு 271 வீதம் 5,420. பணமாக விட்டுக்கொடுத்தால் அவருக்குக் கிடைப்பதும் நீங்கள் இழப்பதும் ஒன்று. சரக்காக விட்டால் இழப்பது குறைவு. மொத்தத் தொகை 2,35,200. 620ஆல் வகுத்தால் பர்ஸ் 379 ரூபாய் 35 காசு. அதிகாரி தன் மேலாளரிடம் 420 சொன்ன இடத்தில் 379க்கு முடித்தேன் என்று காட்டிக்கொள்ளலாம். உங்களுக்குச் செலவு போக நிற்பது 67,180. முதலில் அவர் கேட்டபடி 357க்குக் கடனில் கொடுத்திருந்தால் 28,800தான் நின்றிருக்கும்.

இது எல்லோரிடமும் செல்லாது. கூடுதல் சரக்கால் அவர்களுக்குப் பயன் இருக்க வேண்டும். 600 பேர் உள்ள நிறுவனத்தில் தீபாவளிக்குள் புதிதாக இருபது பேர் சேர்வார்கள், ஆகவே பயன் உண்டு. கல்யாண வீட்டுக்கு மக்கன் பேடா கூடுதலாகக் கொடுத்தால் மறுநாள் ஊசிப்போகும்.

ராணிப்பேட்டை கணக்கர் · 7 ஆகஸ்ட், காலை 10.20

பில்லில் "20 இலவசம்" என்று தனி வரி போடாதீர்கள். 620 பர்ஸ், மொத்தம் 2,35,200 என்று ஒரே வரியாகப் போடுங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று என்ற வகை விற்பனை இலவசம் ஆகாது, ஒரு விலைக்குக் கொடுத்த இரண்டு சரக்குதான் என்று 2019ஆம் ஆண்டு ஜிஎஸ்டி சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் தனியாக இலவசம் என்று எழுதிவிட்டால் அந்த 20க்கான உள்ளீட்டு வரியை ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லலாம், ஆனால் எதற்கு வீண் வேலை?

ஆம்பூர் பெல்ட் · 7 ஆகஸ்ட், பகல் 3.15

அடுத்த வருடம் 2,000 என்ற பேச்சைப் பற்றி. 2011இல் ஒரு டீலர் அடுத்த வருடம் 5,000 பெல்ட் என்றார். அதை நம்பி அந்த வருடமே 18 சதவீதம் விட்டேன். டான் தோலைக்கூட முன்கூட்டி வாங்கி அடுக்கினேன். அவர் அடுத்த வருடம் போனைக்கூட எடுக்கவில்லை. முந்நூறு அடி டான் தோல் என் பரணில் மூன்று மழைக்காலம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. கடைசியில் சாவிக்கொத்துத் தோல் செய்து தீர்த்தேன்.

வராத ஆர்டருக்கு இன்றைக்கு விலை கொடுக்காதீர்கள். மார்ச்சுக்குள் இன்னொரு 400 வந்தால் அந்த இரண்டாவது பில்லில் பர்ஸுக்கு 8 ரூபாய் குறைக்கிறேன் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே வாங்குகிறவர் சரி என்பார். சும்மா சொன்னவர் பேச்சை மாற்றுவார். அவர் எந்த வகை என்பதும் தெரிந்துவிடும்.

பேரணாம்பட்டு பர்ஸ் · 8 ஆகஸ்ட், மாலை 4.50

பேச்சை மாற்றினார் பாய்! அடுத்த வருடத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் 620 கணக்குப் பிடித்துவிட்டது. செப்டம்பர் 20ம் சரி என்றார். பர்சேஸ் ஆர்டர் அனுப்புகிறாராம். தோலுக்குச் சொல்லிவிடட்டுமா?

ஆம்பூர் பெல்ட் · 8 ஆகஸ்ட், மாலை 5.05

வேண்டாம். ஆர்டர் கையில் வரட்டும், முன்பணம் வங்கியில் விழட்டும். ஆர்டரை வரி வரியாகப் படியுங்கள். விலையை மட்டும் பார்க்காதீர்கள்.

பேரணாம்பட்டு பர்ஸ் · 12 ஆகஸ்ட், காலை 11.15

நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. ஆர்டரில் விலையும் எண்ணிக்கையும் சரியாக இருக்கின்றன. கீழே சின்ன எழுத்தில் "பேக்கிங்: அட்டைப் பெட்டி", "பணம்: சரக்கு வந்து 45 நாளில்" என்று இருக்கிறது. வேண்டுமென்றே செய்தாரா, பழைய படிவத்தை அப்படியே போட்டாரா தெரியவில்லை.

ஆம்பூர் பெல்ட் · 12 ஆகஸ்ட், பகல் 12.30

பெரும்பாலும் பழைய படிவம்தான். ஆனால் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் பணம் போவது போனதுதான். பெட்டி என்ற ஒரு சொல் 620 பர்ஸுக்கு 10,540 ரூபாய். கடன் வட்டி தனி. நிபந்தனைக்காகக் குறைத்த விலை ஆர்டரில் ஏறிவிட்டது, நிபந்தனை மட்டும் ஏறவில்லை. பதில் விலை பேசும் இடங்களில் நான் அதிகம் பார்த்த ஓட்டை இதுதான். பேச்சில் ஜெயித்துவிட்டு ஒரு தாளில் தோற்பது.

சண்டை போடாதீர்கள். "392 என்பது துணிப்பைக்கும் பாதி முன்பணத்துக்கும் சொன்ன விலை. பெட்டியும் 45 நாளும் வேண்டுமானால் 420க்கு ஆர்டரை மாற்றித் தாருங்கள், மகிழ்ச்சியாகச் செய்கிறேன்" என்று ஒரு மின்னஞ்சல். எண்ணிக்கை 400க்குக் கீழே குறைந்தால் விலை 412 என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பாதியில் 250 போதும் என்று சொல்லும் பழக்கமும் உண்டு.

பேரணாம்பட்டு பர்ஸ் · 18 ஆகஸ்ட், மாலை 6.00

திருத்திய ஆர்டர் 14ஆம் தேதி வந்தது. முன்பணம் இன்று விழுந்தது, அச்சுக்கான 2,500ம் சேர்ந்து. பெரியமேட்டில் விசாரித்ததைவிட இங்கேயே உள்ளூரில் நல்ல கருப்பு லாட் கிடைத்தது. நாளை வெட்டு ஆரம்பம். மாதிரி பர்ஸ் இரண்டு செய்து, ஒன்றில் அதிகாரியின் கையெழுத்து வாங்கி என்னிடம் வைத்திருக்கிறேன், மற்றது அவரிடம்.

ஆம்பூர் பெல்ட் · 18 ஆகஸ்ட், இரவு 9.10

மாதிரிக் கையெழுத்து நான் சொல்ல மறந்தது. நீங்களாகவே செய்திருக்கிறீர்கள். நல்லது.

பேரணாம்பட்டு பர்ஸ் · 21 செப்டம்பர், காலை 10.00

சரக்கு நேற்றுக் கிளம்பியது. மீதிப் பணமும் வந்துவிட்டது. ஏழு பர்ஸில் ஓரம் சரியில்லை என்று நானே எடுத்துவிட்டு மாற்றிச் செய்தேன். தோலில் பத்து நிற்கும் என்றது எட்டரைதான் நின்றது. அந்த லாட்டில் உண்ணிக் கடித் தழும்பு கொஞ்சம் அதிகம்.

இப்போது புதுத் தலைவலி. லாங் பஜார் கடைக்காரருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. வருடத்துக்கு 600க்கு மேல் எடுக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் 420 என்று கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறதே?

ராணிப்பேட்டை கணக்கர் · 21 செப்டம்பர், பகல் 12.15

நியாயம் இருக்கிறது. வருடம் முழுக்க எடுக்கும் வாடிக்கையாளரை ஒரு தீபாவளி ஆர்டருக்காக இழக்கக் கூடாது. ஆண்டு முடிவில் அவருக்கு ஏதாவது செய்யுங்கள்.

ஆம்பூர் பெல்ட் · 21 செப்டம்பர், மாலை 6.40

ஆண்டு முடிவில் ஏதாவது என்ற பேச்சுக்கு நான் பயப்படுவேன். கணக்கரும் நானும் இதில் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

அதே விலையை அதே நிபந்தனையோடு அவருக்கும் கொடுங்கள். ஒரே தடவையில் 600, கருப்பு மட்டும், பெட்டி இல்லை, பாதி முன்பணம். அவர் மாதம் ஐம்பது எடுக்கிறார், நான்கு நிறம் கேட்கிறார், விற்காததை மாற்றித் தரச் சொல்கிறார், பணம் அடுத்த நடையில். அவருடைய 420இல் இதெல்லாம் அடக்கம் என்று சண்டையில்லாமல் சொல்லுங்கள். பெங்களூர் பர்ஸில் நிறுவனப் பெயர் பதித்திருப்பதால் அது கடைக்கு விற்பனைக்கு வராது என்பதையும் சொல்லுங்கள். அவருடைய உண்மையான பயம் அதுவாகத்தான் இருக்கும்.

பேரணாம்பட்டு பர்ஸ் · 23 செப்டம்பர், இரவு 8.30

நேரில் போய்ச் சொன்னேன். 600 ஒரே தடவையில் என்றதும் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கே வைப்பேன், கல்லாவுக்கு மேலா?" என்றார். 420ஆகவே இருக்கட்டும் என்றுவிட்டார். ஆனால் அந்தத் துணிப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெயர் அச்சிடாத பை நூறு வேண்டுமாம், அடுத்த நடையில் பெட்டிக்குப் பதிலாக. விலையில் அந்த 17ஐக் குறைக்கச் சொல்கிறார்.

ஆம்பூர் பெல்ட் · 23 செப்டம்பர், இரவு 8.45

நூறு பை என்றால் அச்சில்லாவிட்டாலும் 11க்குத் தைத்துத் தர மாட்டான், 14 கேட்பான். 14 மட்டும் குறையுங்கள்.

ஆற்காடு மக்கன் பேடா · 23 செப்டம்பர், இரவு 9.20

எங்கள் கல்யாண வீட்டார் வந்து பாத்திரத்தோடு எடுத்துப் போனார்கள். பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை. என்னுடைய பாத்திரம்.

ஆம்பூர் பெல்ட் · 23 செப்டம்பர், இரவு 9.30

அம்மா, அவர்கள் பாத்திரத்தோடு வரட்டும் என்றுதான் எழுதினேன்.